தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது?

'பண்டிகை நாட்களில் யாருக்கும் லீவு கிடையாது. மீறி லீவு எடுப்பவர்களின் சம்பளம் பிடிக்கப்படும். அவசரம் என்றால் நிர்வாகம் பார்த்து முடிவு செய்யும்.'

பல வருடம் முன்பு நான் சூப்பர்வைசராக வேலை பார்த்த ஓர் ஓட்டலில், ஸ்டாஃப் சாப்பிடும் அறைச் சுவரில் புரட்டாசி பிறந்ததும் இந்த மூன்று வரியை ஒட்டுவார்கள். நானே பசை தடவி ஒட்டியிருக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு சப்ளையரின் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போகும். தோசை மாஸ்டரின் போன் அணைந்து கிடக்கும். டீ குடிக்கப் போன க்ளீனர் திரும்பி வரமாட்டார். துணி எடுக்க வந்த கூட்டம் மேஜைக்கு மேஜை காத்து நிற்கும். இருக்கிற ஆட்கள் காலை ஐந்து மணிக்கு ஏறி இரவு பதினொன்றுக்குத்தான் இறங்குவார்கள்.

கணக்குப் பார்த்தால் அந்த நோட்டீஸ் யாரை வீட்டுக்கு அனுப்பியது? பொய் சொன்னவர்களை. யாரை ஓட்டலில் நிறுத்தியது? அதை நம்பியவர்களை. அடுத்த வருடம் நம்புகிறவர்கள் எண்ணிக்கை இன்னும் குறைந்தது. பண்டிகை நேரத்தில் ஆள் ஓடிவிடுகிறார்கள் என்று ஓட்டல் நடத்துகிறவர்கள் வருத்தப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. ஆட்களின் விசுவாசத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், அவர்களுக்கு என்ன எழுதிக் காட்டினோம் என்று பார்க்க வேண்டும்.

அந்த மூன்று வரியில் முதல் வரி சட்டப்படியே நிற்காது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டிலிருந்து தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. ஓட்டல் தொழிலாளிக்கும் அது பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள். பண்டிகைகளுக்காக இன்னும் ஐந்து நாள். ஆக வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து பண்டிகை எவை என்பதை முதலாளி தரப்பையும் தொழிலாளர் தரப்பையும் கலந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பல இடங்களில் முந்தைய வருடப் பட்டியலே அப்படியே நகலெடுக்கப்படுகிறது.

அப்படியானால் தீபாவளியன்று ஓட்டலை மூடிவிட வேண்டுமா? வேண்டாம். அதே சட்டம் விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிடவும் வழி வைத்திருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் அந்தத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் நகலைத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்பி, ஓட்டலின் பலகையிலும் ஒட்ட வேண்டும். வேலை பார்த்தவருக்கு அந்த நாளுக்கு இரண்டு மடங்கு சம்பளம் தரலாம். அல்லது அந்த நாள் சம்பளத்தைத் தந்து, பதிலாக வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறை தரலாம். இந்த இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கிற உரிமை தொழிலாளியுடையது. 'எங்கள் ஓட்டலில் பணமெல்லாம் கிடையாது, மாற்று லீவுதான்' என்று கேஷியர் சொன்னால், அவர் தன் கையில் இல்லாத உரிமையை எடுத்துக்கொள்கிறார்.

இரண்டு மடங்கு என்றால் என்ன என்பதிலும் சண்டை வரும். மாதச் சம்பளம் 18,000 ரூபாய் வாங்குகிற ஒரு சப்ளையரை எடுத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600 ரூபாய். தீபாவளி சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பதால், அன்று அவர் வீட்டில் இருந்தாலும் அந்த 600 மாதச் சம்பளத்துக்குள் வந்துவிடும். அவர் வேலைக்கு வந்தால் அதற்கு மேல் இன்னொரு 600 சேர்கிறது. மாதம் முடியும்போது கையில் 18,600. 'இரட்டைச் சம்பளம்' என்று கேட்டவர் 1,200 கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்திருப்பார். கவரைப் பிரித்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். சில ஓட்டல்களில் முப்பதால் வகுக்காமல் இருபத்தாறால் வகுப்பார்கள். அப்போது ஒரு நாள் சம்பளம் சுமார் 692 ரூபாய் ஆகிவிடும். ஆகவே 'இரட்டைச் சம்பளம்' என்ற சொல்லோடு நோட்டீஸ் நின்றுவிடக் கூடாது. எதால் வகுக்கிறோம், மாதச் சம்பளத்துக்கு மேல் எவ்வளவு சேரும் என்று ஒரு உதாரணத்தோடு எழுதிவிட்டால் அந்தச் சண்டை பிறக்கவே பிறக்காது.

இனி டூட்டி சார்ட். இது எப்படி நியாயமாக அமையும் என்பதை ஓர் உதாரண ஓட்டலை வைத்தே பார்த்துவிடலாம். மதுரையில் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சைவ ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே தங்கும் அறைகள். சமையலறைக் கதையை அப்புறம் பார்க்கலாம், முதலில் சப்ளையர்கள். மொத்தம் பத்துப் பேர். மூன்று பேருக்குச் சொந்த ஊர் தூரம்: ஒருவர் திருநெல்வேலிப் பக்கம், ஒருவர் கடலூர், ஒருவர் தருமபுரி. நான்கு பேர் பக்கத்து ஊர்க்காரர்கள்: மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி. இரண்டு பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் இஸ்லாமியர், ஊர் மதுரையேதான்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டல்காரர்களுக்குத் தெரியும், தீபாவளி அன்றைக்குக் காலையில் கூட்டம் இருக்காது. வீட்டு வீட்டுக்கு இட்லியும் பலகாரமும் இருக்கும்போது ஓட்டலுக்கு யார் வருவார்கள்? அறையில் தங்கியிருப்பவர்கள்தான் காபிக்கு இறங்கி வருவார்கள். நெருக்கடி அதற்கு முந்தைய மூன்று நாளில். துணிக்கடை, பட்டாசுக்கடை, பாத்திரக்கடை என்று அலைகிற கூட்டம் மத்தியானமும் இரவும் சாப்பிட வரும். தீபாவளி முடிந்து ஊர் திரும்புகிற நாளில் மறுபடி கூட்டம். ஆகவே நம் ஓட்டலுக்கு வேண்டிய ஆட்கள் இப்படி: சனிக்கிழமை பகலில் ஏழு சப்ளையர், சனி மாலை நான்கு மணிக்கு மேல் ஐந்து பேர், ஞாயிறு காலையில் இரண்டு பேர், ஞாயிறு மாலையில் மூன்று பேர், திங்களன்று ஐந்து பேர்.

'யாருக்கெல்லாம் லீவு வேண்டும்' என்று கேட்டால் ஏழு பேர் கை தூக்குவார்கள்: மூன்று தூரத்து ஊர்க்காரர்களும் நான்கு பக்கத்து ஊர்க்காரர்களும். எல்லோரும் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வேண்டும் என்பார்கள். பத்தில் ஏழு போனால் மிச்சம் மூன்று. சனிக்கிழமை பகலுக்கு ஏழு பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர். இந்த இடத்தில்தான் முதலாளி கோபப்பட்டு 'யாருக்கும் லீவு கிடையாது' என்று எழுதச் சொல்வார்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். 'இந்தப் பண்டிகையில் நீங்கள் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நேரம் எது?' பதில்கள் ஒன்றுபோல வராது. திருநெல்வேலிக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் தருமபுரிக்காரருக்கும் பயணமே பாதி நாள். அவர்களுக்கு மூன்று முழு நாள் வேண்டும், குறைத்தால் போவதே வீண். ஆனால் மேலூர்க்காரருக்கு முக்கியம் ஞாயிறு விடியற்காலை எண்ணெய்க் குளியலும், பிள்ளைகள் புதுத்துணி உடுத்துகிற நேரமும். மத்தியானச் சாப்பாடு முடிந்து பஸ் ஏறினால் நான்கு மணிக்கு வேலைக்கு வந்துவிடலாம். பீகார்க்காரர்களிடம் கேட்டால் அவர்களுடைய தீபாவளி மாலையில்தான், விளக்கேற்றி லட்சுமி பூஜை செய்கிற நேரத்தில்தான் என்பார்கள். விடியற்காலை அவர்களுக்குச் சாதாரணக் காலை. அவர்கள் ஊருக்குப் போக நினைப்பது தீபாவளிக்கு அல்ல, சில நாள் கழித்து வருகிற சட் பூஜைக்கு. இஸ்லாமிய நண்பருக்குத் தீபாவளியில் லீவே வேண்டாம். ரம்ஜானுக்கு நிச்சயம் வேண்டும் என்ற வாக்குறுதிதான் வேண்டும்.

இப்போது நிரப்பிப் பார்க்கலாம். தூரத்து ஊர்க்காரர் மூவருக்கும் சனி, ஞாயிறு, திங்கள் லீவு. சனிக்கிழமை பகலில் மிச்சம் ஏழு பேர், வேண்டியதும் ஏழு. மாலை நான்கு மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர் நால்வரும் கிளம்பினால் மூன்று பேர்தான் இருப்பார்கள், ஐந்து பேர் தேவை. ஆகவே நால்வரில் இருவர் சனி இரவு கடை அடைக்கும் வரை நிற்கிறார்கள். அதற்காக ஞாயிறு முழுக்க அவர்களுக்கு விடுமுறை. மற்ற இருவர் சனி நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வேலைக்கு வருகிறார்கள். ஞாயிறு காலையைப் பீகார்க்காரர் இருவரும் பார்த்துக்கொண்டு மாலையில் பூஜைக்குப் போய்விடுகிறார்கள். மாலைக்கு இஸ்லாமிய நண்பரும் பக்கத்து ஊர்க்காரர் இருவரும், ஆக மூன்று பேர். திங்களன்று தூரத்து ஊர்க்காரர்கள் இல்லாமல் ஏழு பேர் இருக்கிறார்கள், தேவை ஐந்து. ஞாயிறு மாலை வந்த பக்கத்து ஊர்க்காரர் இருவரும் பணத்துக்குப் பதிலாக மாற்று லீவு வேண்டும் என்றால் அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஏழு பேர் லீவு கேட்டார்கள். ஏழு பேருக்கும் வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாளாகக் கேட்டதை நேரமாகக் கேட்டோம், அவ்வளவுதான். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் இன்னும் சுலபம். அவர்களில் பலர் முழு நாள் லீவு கேட்பதே இல்லை. முந்தின நாள் மூன்று மணிக்கு விட்டால் போதும், வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும் என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க மறுத்துத்தான் ஒரு முழு நாளை இழக்கிறோம்.

ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. ஞாயிறு காலையோ மாலையோ அரை ஷிப்ட் மட்டும் பார்த்தவருக்கு அரை நாள் கணக்குப் போடக் கூடாது. பண்டிகை நாளை வெட்டிக் கொடுத்தவர் அவர். வந்த நேரம் நான்கு மணியானாலும் ஐந்து மணியானாலும் முழு நாள் கூடுதல் சம்பளம் அல்லது முழு நாள் மாற்று விடுமுறை என்று நோட்டீஸில் எழுதிவிட வேண்டும். ஐந்து பேருக்கு அரை அரை நாளாகப் பிடித்து மிச்சப்படுத்துகிற தொகை 1,500 ரூபாய். அதற்காக ஐந்து பேரின் மனத்தாங்கலை விலைக்கு வாங்க வேண்டாம்.

இந்தக் கணக்கு எப்போதும் இவ்வளவு அழகாக முடியாது. தூரத்து ஊர்க்காரர் மூவருக்குப் பதில் ஐந்து பேர் இருந்தால் இடிக்கும். அப்போது யார் போவது, யார் நிற்பது? சூப்பர்வைசருக்கு வேண்டியவர் போவார், வேண்டாதவர் நிற்பார் என்ற சந்தேகம் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. சந்தேகம் பொய்யாகவே இருந்தாலும் அதைப் போக்க ஒரு வழிதான் உண்டு: சூப்பர்வைசரின் கையிலிருந்து அந்த முடிவை எடுத்துவிடுவது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றுக்கும் யார் வேலை பார்த்தார், யார் ஊருக்குப் போனார் என்று பெயர் போட்டு, அவரவர் கையெழுத்தோடு எழுதி வைக்க வேண்டும். போன தீபாவளிக்கு நின்றவருக்கு இந்தத் தீபாவளியில் முதல் உரிமை. இரண்டு பேரும் சமம் என்றால் எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கலாம். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கவே குடத்தில் ஓலை போட்டு எடுத்த நாடு இது. சீட்டுக் குலுக்குவதில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

கல்யாணம் ஆனவருக்கு முன்னுரிமை, சீனியருக்கு முன்னுரிமை என்று சில ஓட்டல்களில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பையனுக்கு ஒவ்வொரு வருடமும் கடைசி இடம்தான் கிடைக்கும். மூன்றாவது வருடம் அவன் வேறு ஓட்டலில் இருப்பான். அவனுக்கும் ஊரில் அம்மா காத்திருப்பாள்.

சமையலறையில் கணக்கு வேறு மாதிரி. சப்ளையருக்குப் பதில் இன்னொரு சப்ளையர் நிற்கலாம். தோசைக் கல்லுக்கு முன்னால் யாரை நிறுத்துவது? நம் ஓட்டலில் தோசை மாஸ்டர் இரண்டு பேர், சரக்கு மாஸ்டர் ஒருவர், அவருக்குக் கைக்கு உதவியாக ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தோசை மாஸ்டர்களுக்குச் சுற்று முறை போதும்: ஒருவருக்குத் தீபாவளி என்றால் இன்னொருவருக்குப் பொங்கல், அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒப்பந்தத்தையும் அதே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் பொங்கல் வரும்போது தீபாவளியில் பேசிய வாய்ச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. ஒற்றை ஆளாக இருக்கிற சரக்கு மாஸ்டர்தான் சிக்கல். அவர் இல்லாமல் சாம்பார் இல்லை, சாம்பார் இல்லாமல் மத்தியானச் சாப்பாடு இல்லை என்ற நிலைமையில் அவருக்கு எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடைக்காது. அவர் அதைப் பல வருடம் பொறுத்துக்கொள்வார்; பிறகு ஒரு நாள் சொல்லாமல் போய்விடுவார். கைக்கு இருப்பவரை ஆடி மாதத்திலிருந்தே வாரம் ஒரு நாள் தனியாகச் சமைக்க விட்டுப் பழக்கினால், தீபாவளியன்று சாப்பாட்டை எளிமையாக்கி, ஒரு கூட்டு, ஒரு பொரியல் என்று குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். அன்றைக்கு முழுச் சாப்பாடு கிடையாது என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் எந்த வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சமையலறை டூட்டி சார்ட்டில் நான் கண்ணால் பார்த்த இன்னொரு ஆபத்து, இரவு கடை அடைத்தவரையே விடியற்காலை இட்லிக்கு எழுப்புவது. பதினொன்றரைக்குப் பாத்திரம் கவிழ்த்துவிட்டுப் படுத்தவர் நாலரைக்கு எழுந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார். ஆள் குறைகிற பண்டிகை வாரத்தில் இது மூன்று நாள் தொடர்ந்து நடக்கும். தூக்கக் கலக்கத்தில் வடைச் சட்டியில் கை வைத்துக்கொண்ட ஒருவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஒரு ஷிப்ட் முடிந்ததற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையில் குறைந்தது பத்து மணி நேரம் இருக்க வேண்டும் என்று சார்ட் போடுகிறவர் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். கூடுதல் நேரம் வாங்கினால் அதற்கு இரட்டை வீதம் என்பதும் பண்டிகை வாரத்தில் ரத்தாகிவிடுவதில்லை.

எப்போது முடிவு சொல்ல வேண்டும் என்பதற்கு ரயில்வே ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. வெள்ளிக்கிழமை நவம்பர் 6 இரவு ரயில் ஏறுகிறவருக்கு டிக்கெட் கிடைக்க வேண்டுமானால் செப்டம்பர் 7 காலை எட்டு மணிக்கே அவர் தயாராக இருக்க வேண்டும். பண்டிகை ரயில்கள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அக்டோபர் கடைசியில் லீவு கொடுத்தால் அது யாருக்கும் பயன்படாத லீவு. சட் பூஜைக்கு நவம்பர் 10 கிளம்புகிற பீகார்க்காரருக்கு அந்த நாள் செப்டம்பர் 11. ஆகவே ஆகஸ்ட் 25-க்குள் விருப்பம் கேட்டு, செப்டம்பர் 1 அன்று சார்ட்டை ஒட்டி, செப்டம்பர் 4 வரை ஆட்சேபணை கேட்டு முடித்துவிட வேண்டும். அதன்பின் சார்ட் மாறக் கூடாது. ரம்ஜான், பக்ரீத் விஷயத்தில் மட்டும் பிறை பார்த்து நாள் உறுதியாவதால், 'பண்டிகை அறிவிக்கப்படும் நாள், அது ஒரு நாள் முன்பின் ஆனாலும்' என்று சேர்த்து எழுத வேண்டும்.

மூன்று வரி நோட்டீஸுக்குப் பதிலாக என்ன ஒட்டலாம் என்று யோசித்து யோசித்துத் திருத்திய வாசகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டலும் தன் ஆட்களுக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

'நவம்பர் 8 தீபாவளி நமக்குச் சம்பளத்தோடு கூடிய பண்டிகை விடுமுறை. ஓட்டல் அன்று திறந்திருக்கும் என்பதால் சிலர் வேலைக்கு வர வேண்டியிருக்கும். நவம்பர் 5 முதல் 10 வரை உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை ஆகஸ்ட் 25-க்குள் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். காரணம் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 1 காலை டூட்டி சார்ட் ஒட்டப்படும். கேட்டவர்கள் அதிகமானால் போன தீபாவளிக்கு வேலை பார்த்தவருக்கு முதல் இடம். சமமாக இருந்தால் எல்லோர் முன்னிலும் சீட்டு. குறை இருந்தால் செப்டம்பர் 4-க்குள் சொல்லுங்கள்.

தீபாவளியன்று எவ்வளவு நேரம் வேலை பார்த்தாலும் மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு முழு நாள் சம்பளம் கிடைக்கும். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்துக் கணக்கிடப்படும். பணம் வேண்டாம் என்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. எது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். வார ஆஃப் இதில் சேராது, அது தனி. யாருடைய வார ஆஃப் ஞாயிற்றுக்கிழமையோ, அவருக்கு அதே வாரத்தில் வேறு நாள் ஆஃப்.

சார்ட் ஒட்டிய பிறகு ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கலாம். இருவரும் ஒரே வேலை செய்பவராக இருக்க வேண்டும்; இருவரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

உடம்பு முடியாவிட்டால் ஷிப்டுக்கு முன் போன் செய்யுங்கள். மருத்துவச் சீட்டை வேலைக்குத் திரும்பிய மூன்று நாளுக்குள் கொடுத்தால் போதும். வீட்டில் சாவு என்றால் சீட்டு எதுவும் கேட்கப்படாது.

போனஸ் அக்டோபர் 26 அன்று எல்லோருக்கும் வழங்கப்படும். லீவு எடுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.'

கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் திரும்பி வர வேண்டுமே என்று போனஸைத் தீபாவளி முடிந்து தருகிற பழக்கமும், பத்து நாள் சம்பளத்தைக் கையில் பிடித்து வைக்கிற பழக்கமும் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அந்தப் பணம் உழைத்து வாங்குகிற பணம். சட்டப்படியான போனஸுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று அளவே இருக்கிறது. பிள்ளைக்குத் துணி எடுக்க வேண்டிய பணத்தைத் துணிக்கடை அடைத்த பிறகு கொடுப்பதில் என்ன நியாயம்? அடகு வைத்ததுபோல உட்கார்ந்திருப்பவர் திரும்பி வந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கிளம்பிவிடுவார் என்பதைத்தான் நான் பார்த்தேன்.

'காரணம் சொல்லத் தேவையில்லை' என்ற வரிக்கும் பலர் தயங்குவார்கள். காரணம் கேட்டால் பொய் வரும் என்பதுதான் என் பதில். பாட்டிகள் சாவது அந்த ஒரு வரியால் நின்றுபோகும். சாவுக்குச் சீட்டு கேட்காததும் அதே போலத்தான். பத்து வருடத்தில் ஒருவர் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம். அதற்காக நிஜமாகவே அப்பாவை எரித்துவிட்டு வந்தவரிடம் காகிதம் கேட்க முடியாது.

நோட்டீஸ் தமிழில் மட்டும் இருந்தால் பீகார்க்காரர் இருவருக்கும் அது வெறும் காகிதம். பக்கத்திலேயே இந்தியிலும் ஒன்று ஒட்ட வேண்டும். ஒட்டுவதோடு விடாமல், காலை டிபன் கூட்டம் ஓய்ந்த பதினொரு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போதே கேள்விகள் வரும். 'என் வார ஆஃப் திங்கள், எனக்கு எப்படிக் கணக்கு?' என்று ஒருவர் கேட்பார். 'டிக்கெட் கிடைக்காவிட்டால் லீவை ரத்து செய்யலாமா?' என்று இன்னொருவர் கேட்பார். அப்படி வருகிற கேள்விகளில் பதில் இல்லாத ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அவற்றுக்குப் பதில் எழுதி நோட்டீஸின் அடியில் சேர்த்துவிட வேண்டும்.

நவம்பர் 10 செவ்வாய்க்கிழமை. தூரத்து ஊர்க்காரர்கள் அதிரசமும் முறுக்கும் பையில் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் கூட்டம் குறைந்ததும் சூப்பர்வைசர் அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, தீபாவளி 2026 என்று தலைப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்த ஒவ்வொருவர் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதி, எதிரே பணமா, மாற்று விடுமுறையா என்று கேட்டுக் குறித்து, கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த பக்கத்தில் பொங்கல் என்று எழுதி வைத்தால், தோசை மாஸ்டர்கள் இருவரில் அப்போது யார் நிற்க வேண்டும் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.